பருப்பில் சர்க்கரை, கேலரியில் செங்கல்: கொல்கத்தா டெர்பி உருவான விதம்

கொல்கத்தாவில் ஒருவர் எந்தக் கால்பந்து அணியின் ஆள் என்று தெரிந்துகொள்ள, அவர் வீட்டுப் பருப்பில் சர்க்கரை போடுகிறார்களா என்று பார்த்தால் போதும் என்பார்கள். போட்டால் அது மேற்கு வங்கப் பூர்வீகக் குடும்பம், அதாவது மோகன் பகான். சர்க்கரை இல்லாமல் மிளகாய் தூக்கலாக, வாரத்தில் ஒருநாள் கருவாட்டு வாசனையும் வந்தால் அது பத்மா நதிக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம், ஈஸ்ட் பெங்கால். முதல் வகையினருக்குப் பெயர் கோட்டி (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அது சிறு செம்பைக் குறிக்கும் சொல்). இரண்டாவது வகையினர் பாங்கால்.

இதைக் கேட்பவர்கள் பொதுவாக ஒரு முடிவுக்கு வருவார்கள்: 1947-ல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தது, அகதிகள் வந்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஆகவில்லை, அந்தச் சண்டை கால்பந்து மைதானத்துக்கு வந்தது. பாதி சரி. ஆனால் வரிசை தலைகீழ். சண்டைக்கான பாத்திரம் 1920-லேயே வார்க்கப்பட்டுவிட்டது. அகதிகளின் கோபம் இருபத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் அதில் ஊற்றப்பட்டது. ஒரு டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு அணிகளுக்கு நடுவே நடக்கும் பகை ஆட்டம், எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள இந்த வரிசை முக்கியம்.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வட கல்கத்தாவில், மோகன் பகான் வில்லா என்ற பங்களாவில் தொடங்கப்பட்டது. மித்ரா, சென், போஸ் என்று வட கல்கத்தாவின் வசதியான பழைய குடும்பங்கள் பின்னால் நின்றன. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ் வழக்கறிஞர், பின்னாளில் காங்கிரஸ் தலைவரும் ஆனவர். 1911 ஜூலை 29 அன்று இந்த அணி ஐ.எஃப்.ஏ. என்ற கால்பந்து சங்கம் நடத்தும் ஷீல்டு போட்டியின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். பிரிட்டிஷ் படையணியை இந்தியர்கள் தோற்கடித்த நாளாக அது நினைவில் நின்றுவிட்டது. ஆனால் அன்று ஒரு கோல் அடித்த அணித்தலைவர் சிவதாஸ் பாதுரியும், அவருடன் ஆடிய அண்ணன் விஜயதாஸும் கிழக்கு வங்காளத்துக்காரர்கள். இன்றைய கணக்குப்படி அவர்கள் பாங்கால்கள். 1911-ல் யாருக்கும் அது உறுத்தவில்லை.

உறுத்த ஆரம்பித்தது ஒரு சில்லறை விஷயத்தில். 1920 ஜூலை 28 அன்று கூச்பிஹார் கோப்பையில் மோகன் பகானை ஜோராபகான் அணி எதிர்கொண்டது. ஜோராபகானின் தற்காப்பு ஆட்டக்காரர் சைலேஷ் போஸை நிர்வாகம் காரணம் சொல்லாமல் வெளியே உட்காரவைத்தது. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரியும் அந்தப் பக்கத்து ஜமீன்தார்தான். சைலேஷை அணியில் எடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை, பதவியை விட்டுவிட்டார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புதுக் கிளப் பிறந்துவிட்டது. பெயரிலேயே பகை இருந்தது: ஈஸ்ட் பெங்கால். கல்கத்தாவில் இருந்துகொண்டு, நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று பலகை மாட்டிக்கொண்ட கிளப்.

இதில் கவனிக்க வேண்டியது, அவமானம் செய்தது ஜோராபகான், மோகன் பகான் இல்லை. பழியை வாங்கிக்கொண்டது மட்டும் மோகன் பகான், ஏனென்றால் அதுதான் பெரிய வீடு. ஒதுக்கப்பட்டவன் கோபம் பெரும்பாலும் ஒதுக்கியவன்மேல் நிற்பதில்லை, தெருவிலேயே உயரமான மாடிமேல் போய் விழும்.

கோபத்தை உறுதிப்படுத்த ஒரு விதி வந்து சேர்ந்தது. கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்குத்தான் இடம் என்பது அன்றைய ஏற்பாடு. மோகன் பகானும் ஆரியனும் அந்த இரண்டு இடத்தில் இருந்தன. ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் பிரிவில் தகுதி பெற்று மேலே வரக் கேட்டபோது, பிரிட்டிஷ் கிளப்புகள் சரி என்றன, இந்தியக் கிளப்புகள் இரண்டும்தான் எதிர்த்தன என்று ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள். கடைசியில் விதி தளர்ந்தது. 1925 மே 28 அன்று இரு அணிகளும் முதன்முறையாக லீக்கில் மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0. உள்ளே விடமாட்டோம் என்றவர்களை, உள்ளே வந்த முதல் ஆண்டே அடித்துவிட்டார்கள். நல்ல பகைக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறென்ன வேண்டும்.

அப்போதும் இது பணக்காரர்களுக்கு நடுவே நடந்த சண்டைதான். ஒரு பக்கம் நகரத்துப் பெரிய வீட்டார், மறுபக்கம் கிழக்கிலிருந்து நகரத்துக்கு வந்த ஜமீன்தார்கள், வக்கீல்கள், கல்லூரி மாணவர்கள். அடித்தட்டு மக்களின் அணி என்ற பேச்சே இல்லை. நகரத்தின் மூன்றாவது பெரிய அணியான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்றது. அந்தக் காலத்தில் மைதானத்தில் நெருப்பு அதிகம் பறந்தது அந்த அணியின் ஆட்டங்களில்தான்.

பிறகு பிரிவினை. 1951 கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்கத்துக்கு இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 21 லட்சம் பேர். சியால்தா ரயில் நிலையத்து நடைமேடையில் மாதக்கணக்கில் குடும்பம் நடத்தியவர்கள் பலர். கொஞ்சம் தெம்பிருந்தவர்கள் நகரத்தின் தெற்கு விளிம்பில், ஜாதவ்பூர் பக்கம் காலி நிலங்களில் புகுந்தார்கள். வேலை இரவில் நடக்கும். மூங்கில் கம்பங்களை நட்டு, ஹோக்லா கோரையில் கூரை போட்டு, விடிவதற்குள் குடும்பம் உள்ளே இருக்கும். காலையில் நில உரிமையாளரின் ஆட்களோ போலீஸோ வந்து பிடுங்கினால், அடுத்த இரவு மறுபடியும் நடுவார்கள். மனை அளப்பது, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், காவல் எல்லாவற்றுக்கும் காலனிக் கமிட்டி உண்டு. பழைய ராணுவ முகாம் ஒன்றில் குடியேறி உருவான பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் எல்லாம் இப்படி வந்தவைதான்.

பரிதாபத்துக்குரிய கூட்டமாக மட்டும் இவர்களைப் பார்க்கக் கூடாது. பெரும்பாலோர் ஊரில் வீடு, குளம், தோப்பு வைத்திருந்தவர்கள். படித்தவர்கள். வந்த இடத்தில் பேச்சைக் கேட்டதுமே பாங்கால் என்று சிரித்தார்கள். அந்தச் சொல்லில் பட்டிக்காட்டான் என்ற பொருளும் ஒட்டியிருந்தது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ரேஷனுக்கும் போட்டி. உள்ளூர்க்காரர் தரப்பிலும் நியாயம் இருந்தது: ஏற்கெனவே பஞ்சமும் கலவரமும் பார்த்த நகரம், ஒரே மூச்சில் இத்தனை பேரைத் தாங்க வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில், இருபத்தேழு வருடம் முன்பே மாட்டிய பலகை தயாராக இருந்தது. ஊர் பறிபோய்விட்டது, வரைபடத்தில் பெயரும் மாறிவிட்டது. 'ஈஸ்ட் பெங்கால்' என்ற பெயர் அப்படியே நின்றது ஒரே இடத்தில்தான்: லீக் பட்டியலில். வீட்டு முகவரி இல்லாதவனுக்கு அது முகவரி ஆனது. இதை முன்கூட்டி யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. அணிக்குக் குடும்பப் பெயரோ தெருப் பெயரோ வைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்தது வெற்றி. தோற்கிற அணி முகவரியாக நீடிப்பது கஷ்டம். சரியாக அகதிகள் குவிந்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்கால் வரலாற்றிலேயே சிறந்த அணியாக இருந்தது. 1949, 1950, 1951 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அதற்குத்தான். முன்வரிசையில் ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர்கள் என்று பெயர். பெயர்களைப் பார்த்தாலே நம் வாசகர்களுக்கு விளங்கிவிடும், ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். பத்மா நதியைப் பார்த்திருக்கக்கூட வாய்ப்பில்லாதவர்கள். கருவாட்டுக் குழம்பு, கிழக்கத்திப் பேச்சு, இழந்த ஊர் என்று உருகிய கூட்டத்தின் மானத்தைக் காத்தது பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன கால்கள். யாரும் இதை முரணாக நினைக்கவில்லை. ஆடுபவனுக்கு வேர் தேவையில்லை, பார்ப்பவனுக்குத்தான் தேவை. பல ஊர் டெர்பிகளில் இதுதான் நிலை. 'மண்ணின் மைந்தர்கள் ஆடவில்லை, அதனால் டெர்பி செத்துவிட்டது' என்று புலம்புகிறவர்கள் இந்த ஐந்து பேரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

மீன் விவகாரமும் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், அதாவது நம் பக்கம் உள்ளம் என்று சொல்லும் ஹில்சா. மோகன் பகான் ஜெயித்தால் பெரிய கோல்டா இறால், தேங்காய்ப்பாலில் மலாய்க்கறி. ஜெயித்த தரப்பின் மீன் சந்தையில் விலை ஏறும் என்பது ஊர்ப்பேச்சு. இலிஷ் பத்மாவின் மீன் என்ற பெருமை ஒருபுறம். இன்னொன்று வெறும் காலண்டர்: கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடக்கும், இலிஷ் ஆற்றில் ஏறுவதும் மழைக்காலத்தில். ஆட்டமும் மீனும் ஒரே வாரங்களில் வந்தன, ஒரே பையில் வீட்டுக்குப் போயின. அடையாளம் அடுக்களை வரை போனால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆட்ட விதி தெரியாத பாட்டிக்கும் அன்று என்ன சமைக்கிறோம், ஏன் சமைக்கிறோம் என்பது தெரியும்.

பகையை ஆண்டு முழுக்கச் சூடாக வைத்திருக்க இரண்டு ஆட்டம் போதாது. அதற்கு உதவியது ஆட்டக்காரர்கள் கட்சி மாறும் காலம். வங்காளியில் தல்பதல். ஆட்டக்காரர் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. பேசி முடித்த ஆளை மறு கிளப் தூக்கிவிடாமல் இருக்க, கையெழுத்து நாள் வரை ஏதாவது நிர்வாகியின் வீட்டிலோ விருந்தினர் விடுதியிலோ பூட்டி வைத்துக் காவல் போடுவார்கள். நம்மூரில் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் எம்.எல்.ஏ.க்களைச் சொகுசு விடுதியில் வைப்பது போலத்தான். 1985-ல் கிருஷாணு டே, விகாஷ் பாஞ்சி ஜோடி மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது. அந்த வலியை இன்னும் சொல்கிற பெரியவர்கள் உண்டு. முன்பின் தெரியாதவன் எதிரணியில் ஆடினால் எரிச்சல் வரும், நேற்றுவரை நம் சட்டை போட்டவன் ஆடினால் வருவது வேறு.

இந்த இயந்திரம் எங்கே உடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1970 முதல் 1975 வரை ஆறு முறை தொடர்ந்து லீக் ஈஸ்ட் பெங்காலிடம். அதன் உச்சம் 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதியாட்டம்: ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஷியாம் தாபா இரண்டு கோல். அன்றைக்குத் தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருதலைப்பட்சமான காலம் பகையைக் குறைக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. தோற்கிற தரப்பிடம் ஆண்டுக்கணக்கில் கோபம் சேர்ந்தது.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ், லீக் ஆட்டம். இடைவேளைக்குப் பின் மோகன் பகானின் விதேஷ் போஸ் மீது ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித் முரட்டுத்தனமாகப் பாய்ந்தார். விதேஷ் திருப்பிக் கொடுத்தார், இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். மைதானத்தில் சில நிமிடத்தில் அடங்கிய விஷயம் கேலரியில் அடங்கவில்லை. கற்கள் பறந்தன, கூட்டம் குறுகலான வழிகளை நோக்கி ஓடியது, 16 பேர் இறந்தார்கள்.

பழியை அந்த முரட்டு ஆட்டத்தின்மேல் போடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதுபோன்ற ஆட்டம் அந்தக் காலத்தில் மாதம் ஒன்று நடக்கும். வித்தியாசம் உட்காரவைத்த விதத்தில் இருந்தது. கிளப்புகளின் சொந்த மைதானங்களில் உறுப்பினர் கேலரி தனியாக இருக்கும், எதிரணிக்காரர் அங்கே தலைகாட்டமாட்டார். ஈடன் கிரிக்கெட் மைதானம். அங்கே அன்று இரு தரப்பும் ஒரே அடுக்கில் கலந்து உட்கார்ந்திருந்தன. எதிரி முப்பதடி தூரத்தில் இருந்தால் வசவு, பக்கத்து இருக்கையில் இருந்தால் கைகலப்பு. கான்கிரீட் அடுக்கில் ஒரு மூலையில் கைகலப்பு என்றால் மற்றவர்கள் ஓடுவார்கள், படிக்கட்டின் அகலம் ஓடுபவர்களின் எண்ணிக்கைக்குப் போதாது. சாவு அங்கேதான் நடக்கிறது, அடிதடியில் அல்ல. இன்று சால்ட் லேக் கால்பந்து மைதானத்தில் தரப்புக்குத் தனித்தனி கேலரி, தனித்தனி வாசல். ஆகஸ்ட் 16 அன்று இறந்தவர்கள் நினைவாக ரத்ததான முகாம் நடக்கிறது.

பிரித்து உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. பிரிவு கேலரிக்குள் நடக்கும் சண்டையைத் தடுக்கும், கேலரியிலிருந்து களத்துக்கு வருவதைத் தடுக்காது. 2012 டிசம்பர் 9 அன்று ஐ-லீக் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என முன்னிலை பெற, மோகன் பகான் அணித்தலைவர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. பார்வையாளர் பக்கமிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. முதலில் இரண்டு ஆண்டு தடை என்றார்கள், பின்னர் அது 2 கோடி ரூபாய் அபராதமாகவும், அதுவரை எடுத்த புள்ளிகளின் இழப்பாகவும் மாறியது.

ஆனால் ஆவேசம் என்றாலே வன்முறை இல்லை. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக்கில் 1,31,781 பேர். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வாயால் ஆட்டத்தை ஆடினார். எதிரணியின் ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார், சோசோவை 'ஷோஷா' என்றார், வங்காளியில் வெள்ளரிக்காய். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி பெரிதாகப் பதில் சொல்லவில்லை, அந்தக் கேலியைத் தன் ஆட்களைச் சூடேற்றப் பயன்படுத்திக்கொண்டார். முடிவு 4-1, ஈஸ்ட் பெங்கால், பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக். பூட்டியா சிக்கிம்காரர். பஞ்ச பாண்டவர் கதை மறுபடியும்.

பரம்பரை எவ்வளவு தூரம் தாங்கும்? கலப்புத் திருமணங்கள் சகஜமாகிவிட்டன. ஜாதவ்பூர் காலனி மனைகளில் இப்போது அடுக்குமாடி. அகதியின் நான்காம் தலைமுறை பெங்களூரில் கணினி முன் இருக்கிறது, கிழக்கத்திப் பேச்சு வராது. பருப்பில் சர்க்கரைச் சோதனை பாதி வீடுகளில் தோற்றுவிடும். பூர்வீகம் மங்கியது, சட்டையின் நிறம் மங்கவில்லை. இதற்குச் சான்று 2020. கொல்கத்தாவின் ஏ.டி.கே. கிளப்போடு மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு இணைந்து, ஏ.டி.கே. மோகன் பகான் என்றானது. பணம் வந்தது, நல்ல அணி வந்தது, இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் வந்தது. பச்சை-மெரூன் சட்டையைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ரசிகர்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்று எழுத்தை விடவில்லை. கேலரியில் பதாகை, தெருவில் ஊர்வலம், ஜெயித்த நாளிலும் கோஷம். 2023-ல் அந்த எழுத்துகள் போயின, மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் என்று பெயர் மாறியது. அதுவும் விளம்பரப் பெயர்தான், ஆனால் வேறொரு கிளப்பின் பெயர் இல்லை. ரசிகர்கள் சகிக்காதது எது என்பது இதில் துல்லியமாகத் தெரிகிறது: முதலாளி மாறுவதை அல்ல, எதிரி திட்ட வேண்டிய பெயர் கலங்குவதை.

2020 நவம்பர் 27 அன்று சூப்பர் லீக்கின் முதல் டெர்பி கோவாவில், கொரோனா காரணமாகக் காலி மைதானத்தில் நடந்தது. ஏ.டி.கே. மோகன் பகான் 2-0. ஆட்டம் மோசமில்லை. ஆனால் தொலைக்காட்சியில் பயிற்சியாளர் கத்துவது தெளிவாகக் கேட்டது. கேட்கக் கூடாத சத்தம் அது.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை ஒட்டி நகரம் கொதித்தது. 18-ஆம் தேதி டூரண்டு கோப்பை டெர்பி, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. கேலரியில் போராட்டப் பதாகை விரியும் என்ற பயம்தான் காரணம் என்று ரசிகர்கள் நம்பினார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்தின் வெளியே இரு தரப்பும் திரண்டன, முகமதன் ரசிகர்களும் வந்தார்கள். சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரரைப் பச்சை-மெரூன் சட்டைக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டார். போலீஸ் தடியடி நடத்தியது. மோகன் பகான் அணித்தலைவர் சுபாசிஷ் போஸும் வந்து நின்றார். பகை மறைந்து அன்பு மலர்ந்தது என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. கூட்டத்தைத் திரட்டும் வழி இரண்டு தரப்புக்கும் ஏற்கெனவே தெரியும்: வாட்ஸ்அப் குழு, பதாகை தைக்கும் ஆள், எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்ற பழக்கம். நூறு ஆண்டு சண்டை போட்டுப் பழகிய அமைப்பு, ஒருநாள் வேறு வேலைக்கு உதவியது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று, அதே மைதானத்தில் சூப்பர் லீக் டெர்பி. மோகன் பகான் 2-0. ஆகஸ்டில் தோள் கொடுத்தவர்கள் அவரவர் வாசலில் நுழைந்து அவரவர் கேலரிக்குப் போனார்கள். ஒரு பக்கத்திலிருந்து 'லோட்டா', மறுபக்கத்திலிருந்து 'மாச்சா'. சொம்பு என்றும் மூங்கில் பரண் என்றும் பொருள். தலைமுறைகளாக ஒருவரையொருவர் திட்டிவரும் அதே இரண்டு சொற்கள்.